வெள்ளைக் கூரையில் படிந்த பச்சை

கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் உள்ளலங்கார வேலையைச் சென்ற தை மாதத்தில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அவருடைய உம்மாவும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுடன் அவர் மனைவியும். அறைகளின் கணினிப் படங்களை, அதாவது ரெண்டர்களை, மின்னஞ்சலில் அவருக்கு அனுப்புவேன். அவர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார். அங்கே எல்லோரும் பார்த்த பிறகு கருத்துகளைத் திரட்டி எனக்கு எழுதுவார். இந்தக் கடற்கரையில் கட்டப்படும் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிவெடுக்கப்படுகின்றன என்பதால் அதில் எனக்குப் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் உம்மாவின் படுக்கையறைக்காக நான் எழுதிய மூன்றாவது மின்னஞ்சல் மட்டும் பல வாரங்களாக மனத்தை விட்டு நீங்கவில்லை. அதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதற்கு முந்தைய மின்னஞ்சலைப் பத்து நிமிடத்தில் எழுதியிருந்தேன், அந்த அவசரம்தான் எல்லாவற்றையும் குழப்பியது.

அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, கூரை பத்தடி உயரம். தெற்கே கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். தரையில் செங்கல் நிற மேட் டைல்ஸ் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வார்ட்ரோபுக்குத் தேக்கு நிற லேமினேட் முடிவாகியிருந்தது. சுவருக்கு நான் தேர்ந்தெடுத்தது சாம்பல் கலந்த இளம் பச்சை, காய்ந்த வேப்பிலையை வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்தால் ஒட்டும் சாயலைப் போன்றது. செம்மண் நிறத் தரையும் தேக்கும் சேர்ந்து அறையை வெம்மையாக்கிவிடும், அதைச் சற்றே அடக்கும் நிறம் சுவரில் இருந்தால்தான் கண்ணுக்கு அமைதி கிடைக்கும் என்று கணக்கிட்டிருந்தேன். அந்தக் கணக்கு தப்பில்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

முதல் படத்துக்கு வந்த பதில் நான்கே வரி. "வார்ட்ரோப், கட்டில், திரைச்சீலை எல்லாம் நன்றாக இருக்கின்றன. சுவரின் பச்சை மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரி அறை போல இருக்கிறது என்று உம்மா சொல்கிறார்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக மாற்றித் தாருங்கள்."

இந்த நான்கு வரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அவர்கள் பார்த்தது: அறை ஆஸ்பத்திரி போலக் குளிர்ந்து கிடக்கிறது. மற்றொன்று, அதற்கு அவர்களே சொல்லும் மருந்து: பச்சையை மாற்று. முதல் செய்தி அவர்கள் கண் கண்டது, அதில் பிழை இருக்க வழியில்லை. இரண்டாவது ஓர் ஊகம். நோயாளி சொல்லும் வலியை நம்ப வேண்டும், அவர் சொல்லும் மாத்திரையைக் கேட்டபடி எழுதிக் கொடுக்கக் கூடாது. இதை எத்தனையோ முறை என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நானே அதைச் செய்யவில்லை. மென்பொருளில் சுவரின் நிறத்தைச் சந்தன நிறமாக மாற்றினேன். சந்தனத்துக்குப் பழைய திரைச்சீலை பொருந்தாததால் அதையும் மாற்றினேன். படுக்கை விரிப்பு தனியாகத் துருத்தியது, அதையும் மாற்றினேன். வெதுவெதுப்பு கேட்டார்களே என்று கூரையோர விளக்கை மஞ்சளாக ஏற்றி, வெளியே அந்திப் பொழுதாக வைத்து, "நீங்கள் சொன்னபடி நிறம் மாற்றியிருக்கிறேன், பாருங்கள்" என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டேன்.

பதில் மறுநாள் வந்தது. "இது மங்கலாக இருக்கிறது. முதல் படமே பரவாயில்லை என்று மனைவி சொல்கிறார். உம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. திரைச்சீலை ஏன் மாறியது என்று கேட்கிறார்கள்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நன்றாக இருப்பதாக அவர்கள் எழுதிய ஒன்றைக் கேட்காமலே மாற்றியிருந்தேன். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சுவர், துணி, விளக்கு, பொழுது என்று நான்கையும் ஒரே திருத்தத்தில் மாற்றிவிட்டதால், மங்கலாகத் தோன்றுவதற்கு அவற்றில் எது காரணம் என்று அவர்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒப்பிடுவதற்கு ஒன்றும் இல்லை. இந்த நிலையில் மூன்றாவது நிறத்தைப் போட்டு அனுப்பினால் நான்காவதும் ஐந்தாவதும் வந்துகொண்டே இருக்கும். நிறம் பற்றிய பேச்சில் பல வீட்டுக்காரர்கள் சலித்துப்போய்க் கடைசியில் "வெள்ளையே அடித்துவிடுங்கள்" என்று முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளையை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, எங்களைப் போன்றவர்கள் களைப்பாக்கி அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகிறோம்.

## பலகை

படத்தை மூடிவைத்துவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போய், முதலில் தேர்ந்த அந்தப் பச்சையில் சிறிய மாதிரி டப்பா ஒன்று வாங்கினேன். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் பிரைமர் அடித்துக் காயவைத்து, அதன் மேல் இரண்டு கோட் அடித்தேன். ஒரு கோட்டோடு நிறுத்தினால் அடியிலிருக்கும் வெள்ளை ஊடுருவி நிறம் இளைத்துத் தெரியும் என்பதால் இரண்டாவது கோட் கட்டாயம். கடையில் கிடைக்கும் ஷேட் கார்டின் சின்னச் சதுரத்தை வைத்து ஒரு சுவரை நினைத்துப் பார்ப்பது தொழிலில் இருப்பவர்களுக்கே கடினம், வீட்டுப் பெரியவர்களிடம் அதை நீட்டுவது சரியில்லை.

காலை பதினொரு மணிக்கு அந்த அறையில், பிரைமர் அடித்து வெள்ளையாக நின்ற கிழக்குச் சுவரில் பலகையைச் சாய்த்து வைத்தேன். உம்மா உள்ளே வந்து கட்டில் வரப்போகும் இடத்தில் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கிட்டே வந்து விரலால் தொட்டுவிட்டு, "இதுதான் அந்தக் கலரா? இது நல்லாத்தானே இருக்கு புள்ள. படத்துல ஏன் அப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. "பார்த்துச் சொல்கிறேன் உம்மா" என்று மட்டும் சொன்னேன். மாலை நான்கு மணிவரை அங்கேயே இருந்தேன். மேற்கு ஜன்னல் வழியே வெயில் நீண்டு தரையில் விழுந்தது. செங்கல் நிற டைல்ஸ் அதை வாங்கி மேலே வீச, பலகையின் கீழ்ப் பாதி ஏறக்குறைய பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்துவிட்டது. தெற்கு ஜன்னலுக்கு வெளியே வெறும் மணல். அந்த வெள்ளை மணலில் பட்டுத் தெறித்த வெளிச்சம் ஜன்னலுக்குள் கீழிருந்து மேலாக நுழைந்து கூரையில் படர்ந்திருந்தது. கூரை முழுக்க இளமஞ்சள். ஆஸ்பத்திரிக் குளிர்ச்சி அந்த அறையில் எந்த மூலையிலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் படத்தைத் திறந்தேன். இப்போது சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தேன். கூரைக்கு நான் கொடுத்திருந்தது வெள்ளை. நிறம் உறிஞ்சும் கருவியை அதன் மேல் வைத்தபோது சிவப்பு 214, பச்சை 226, நீலம் 222 என்று வந்தது. நடுநிலையான வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பரப்பில் இந்த மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே சிவப்பு குறைந்து பச்சையும் நீலமும் தூக்கி நின்றன. வெள்ளைக் கூரையே பச்சையாக இருக்கிறதென்றால் பெயிண்ட்டைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அறைக்குள் வரும் வெளிச்சமே பச்சை.

உறுதிப்படுத்திக்கொள்ள, காட்சியில் உள்ள எல்லாப் பொருள்களின் நிறத்தையும் நீக்கி, சுவர், தரை, கட்டில், துணி அனைத்துக்கும் ஒரே சாம்பல் நிறத்தைக் கொடுத்துச் சிறிய அளவில் ஒரு சோதனைப் படம் எடுத்தேன். களிமண் படம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பொருள்களுக்கு நிறமே இல்லாதபோது படத்தில் ஏதாவது நிறம் தெரிந்தால் அது வெளிச்சத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். சில நிமிடங்களில் படம் வந்தது. கடல்பாசி படிந்த கல்லைப் போல அறை முழுக்க நீலப்பச்சை.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து வெளிச்சம் கொடுப்பதற்கு எச்.டி.ஆர்.ஐ என்னும் சுற்றுப்புறப் படம் ஒன்றைப் பயன்படுத்துவோம். நான்கு திசையையும் வானத்தையும் தரையையும் ஒரே உருண்டையாகப் பிடித்த புகைப்படம் அது, அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் விளக்கைப் போல அறைக்குள் ஒளி வீசும். பல மாதங்களுக்கு முன் வேறொரு வேலைக்காக நான் ஏற்றிவைத்திருந்த படம் மேகம் மூடிய வானத்தின் கீழ் விரிந்த ஒரு புல்வெளி. எங்கோ ஒரு குளிர்நாட்டில் எடுத்தது. மேலேயிருந்து சூரியனில்லாத நீலச் சாம்பல் ஒளி, கீழேயிருந்து புல்லில் பட்டுத் தெறித்த பச்சை ஒளி, இரண்டும் சேர்ந்து கீழக்கரைக் கடலோரத்து அறைக்குள் நுழைந்திருந்தன. ஏற்கெனவே பச்சைச் சாயல் கொண்ட சுவர் அந்த ஒளியில் இரட்டிப்புப் பச்சையாகிவிட்டது. உம்மா பார்த்த ஆஸ்பத்திரி அதுதான். அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது.

இன்னொரு பிழையும் அப்போது கண்ணில் பட்டது. கூரையின் வெள்ளைக்கு உச்ச அளவான 255 என்று எண் கொடுத்திருந்தேன். தன் மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தரும் வெள்ளை உலகத்தில் இல்லை. நல்ல வெள்ளைப் பெயிண்ட் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்கு ஒளியைத்தான் திருப்பும். உச்ச அளவைக் கொடுத்தால் ஒளி தேயாமல் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும், நிழல்கள் வெளிறும், தவறான ஒளியின் சாயல் மூலைமுடுக்கெல்லாம் பரவும். புல்வெளியின் பச்சை கட்டிலுக்கு அடியில்கூடத் தெரிந்தது அதனால்தான்.

இரண்டாவது படம் மங்கியதற்கும் இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது. பின்புலத்தில் அதே நீலப்பச்சை வெளிச்சம் குறைந்த அளவில் இருக்க, அதன் மேல் மஞ்சள் விளக்கை ஏற்றி, அடியில் சந்தன நிறத்தை வைத்திருந்தேன். மூன்றும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சேற்று நிறம் எஞ்சியது.

## மூன்றாவது படமும் அதற்கான கடிதமும்

சரிசெய்தது சில வேலைகள்தான். புல்வெளிப் படத்தை நீக்கினேன். மென்பொருளின் சூரியனை அந்த ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு, ஏறக்குறைய வடக்கு 9.23, கிழக்கு 78.78 பாகைக்கு அமைத்து, வீட்டின் வடக்குத் திசையை வரைபடத்தோடு ஒத்துப்போகத் திருப்பி, பிப்ரவரி மாதத்து மாலை நான்கு மணியை வைத்தேன். இந்த அட்சரேகை அலங்காரத்துக்காகச் செய்வதன்று. நம் கடற்கரையில் மாசி மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வரும். மே, ஜூன் மாதங்களில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் அதே ஜன்னலில் நேர்வெயில் வராது. வேறொரு நாட்டின் அட்சரேகையில் வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மணல் நிறத்தில் ஒரு தரையை விரித்தேன். கூரையின் வெள்ளையை உண்மையான பெயிண்ட் அளவுக்கு இறக்கினேன். சுவர், திரைச்சீலை, விரிப்பு மூன்றையும் முதல் படத்தில் இருந்தபடியே திரும்ப வைத்தேன். மறுபடி களிமண் படம் எடுத்துப் பார்த்தேன், சாம்பல் சாம்பலாகவே இருந்தது, வெயில் விழுந்த தரையோரத்தில் மட்டும் லேசான மஞ்சள். அதன் பிறகுதான் முழு அளவில் ரெண்டர் ஓடவிட்டேன்.

படம் தயாராகிவிட்டது, ஆனால் அதை எப்படி அனுப்புவது என்பதில்தான் இரண்டு நாள் போயிற்று. பச்சை வேண்டாம் என்று எழுதியவருக்கு அதே பச்சையைத் திருப்பி அனுப்புகிறேன். காரணம் சொல்லாமல் அனுப்பினால் அவர் பேச்சை மதிக்கவில்லை என்று தோன்றும். மென்பொருள் சொற்களைக் கொட்டி விளக்கினால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று தோன்றும். கடிதத்தை வீட்டில் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்பதும் தெரியும். வாசித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். கடைசியில் அனுப்பியது இது. பெயர்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

பொருள்: உம்மா அறை, மூன்றாவது படம் – சுவர் நிறம் மாறவில்லை, வெளிச்சம் மாறியிருக்கிறது

அன்புள்ள சார்,

வணக்கம். முதல் படம் ஆஸ்பத்திரி போலக் குளிர்ச்சியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது உண்மை. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் சுவரின் நிறம் இல்லை என்பதைச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய் மாதிரிப் பலகை வைத்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மேகமூட்டமும் புல்வெளியும் இருப்பதாகக் கணினியில் தவறாக வைத்திருந்தேன். அந்த வெளிச்சம் உள்ளே வந்து வெள்ளைக் கூரையைக்கூடப் பச்சையாகக் காட்டியது. முதல் படத்தில் கூரையைப் பாருங்கள், தெரியும். இது என் பிழை. இதைக் கவனிக்காமல் இரண்டாவது படத்தில் சுவரையும் துணிகளையும் விளக்கையும் ஒன்றாக மாற்றியது அடுத்த பிழை. நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்ன திரைச்சீலையை மாற்றியிருக்கக் கூடாது.

இந்த மூன்றாவது படத்தில் மாறியிருப்பது வெளிச்சம் மட்டுமே. நம் வீட்டின் திசைப்படி, பிப்ரவரி மாதம் மாலை நான்கு மணி வெயிலும், வெளியே மணலும் வைத்திருக்கிறேன். சுவர், திரைச்சீலை, விரிப்பு, வார்ட்ரோப், நாம் பார்க்கும் கோணம் எல்லாம் முதல் படத்தில் உள்ளபடியே இருக்கின்றன. எனவே முதல் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இரண்டாவது படத்தைத் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள்.

பார்க்கும்போது ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், இணைத்துள்ள கோப்பையே வீட்டுக்கும் அனுப்புங்கள். போனில் இரவு நேரத்துக்கான மஞ்சள் திரை, நிறத்தைப் பளிச்சென்று காட்டும் அமைப்பு இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்தாலும் படம் அறையின் சாயலைச் சொல்லுமே தவிர, பெயிண்ட்டின் நிறத்தைத் துல்லியமாகச் சொல்லாது. அதற்குப் பலகைதான் சாட்சி.

அதனால் இரண்டு பலகைகள் வீட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று படத்தில் உள்ள நிறம். மற்றொன்று அதே வரிசையில் ஒரு படி இளையது. நான்கு சுவரிலும் அடிக்கும்போது ஒரு சுவரின் நிறம் இன்னொரு சுவரில் பட்டு, பலகையில் பார்ப்பதைவிட அழுத்தமாகத் தெரியும் என்பதால் இளையதையும் வைத்தேன். உம்மா காலை எட்டு மணிக்கும், மாலை நான்கு மணிக்கும், இரவு விளக்கைப் போட்டும் மூன்று முறை பார்த்துச் சொன்னால் போதும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இரண்டு பலகைகளில் எது, அல்லது இரண்டும் வேண்டாமா. அறைக்கு நான்கு லிட்டர் பெயிண்ட் ஆகும். கடையில் நிறம் கலந்த பிறகு திரும்ப எடுக்க மாட்டார்கள். எனவே அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் தந்தால் நிதானமாக வாங்கலாம். அதற்கு மேல் நாள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், பெயிண்டரை ஹாலில் தொடங்கச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு திருத்தங்களில் இதுவும் இதற்கு முந்தையதும் சேராது.

இணைப்பு: `Umma_Room_R3_Feb_4pm.png`

## அந்தக் கடிதத்தில் நான் தயங்கிய இடங்கள்

"இது என் பிழை" என்ற வரியை மூன்று முறை எழுதி அழித்தேன். வெட்கம் காரணமில்லை. பிழை என்று ஒப்புக்கொண்டால் இனி அனுப்பும் எந்தப் படத்தையும் நம்ப மாட்டார்களோ என்ற அச்சம் இருந்தது. ஆனால் அந்த வரி இல்லாமல், உம்மாவின் கண் சரி என்பதையும் என் நிறம் சரி என்பதையும் ஒரே கடிதத்தில் சொல்ல வழியே இல்லை. இரண்டும் சரியென்றால் இடையில் தவறாக இருந்தது எது என்று சொல்லியாக வேண்டும். கூரையைப் பாருங்கள் என்று எழுதியதும் அதற்காகவே. வெள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள் படத்தில் வெள்ளையாக இல்லை என்பதை அவர்களே பார்த்துக்கொள்ள முடியும், என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. நிறம் பற்றிச் சந்தேகம் வரும் எந்தப் படத்திலும் இதையே நான் முதலில் பார்க்கிறேன்: கூரை, தலையணை உறை, சுவிட்சுப் பலகை. அவை சாயம் ஏறியிருந்தால் சுவரைப் பற்றிப் பேசுவது வீண்.

மற்றொரு தயக்கம், இளைய பலகையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது. ஒன்றை மட்டும் மாற்றினேன் என்று சொல்லிவிட்டு அதே கடிதத்தில் புதிய தெரிவைக் கொடுப்பது முரண் போலத் தோன்றியது. ஆனால் படத்தில் ஒன்றை மாற்றுவது வேறு, சுவருக்கான முடிவுக்குத் தேவையானதைக் கையில் கொடுப்பது வேறு. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பலகை எப்போதும் கொஞ்சம் ஏமாற்றும். அறை முழுவதும் அடித்த பிறகு "பலகையில் இவ்வளவு பச்சையாக இல்லையே" என்ற பேச்சை இதற்கு முன் வேறு வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை என்று பட்டது.

இரவு விளக்கைப் போட்டுப் பாருங்கள் என்ற வரியைப் பெரிதாக யோசிக்காமல்தான் சேர்த்தேன். முடிவை மாற்றியது அந்த வரிதான்.

நான்கு நாள் கழித்து அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, பகல்ல ரெண்டு பலகையும் உம்மாவுக்குப் பிடிச்சிருக்கு. ராத்திரிதான் அந்த அழுத்தமான பலகை திரும்ப ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுதுன்னு சொல்றாங்க" என்றார். அன்று இரவே போய்ப் பார்த்தேன். அறையில் தற்காலிகமாக மாட்டியிருந்தது 6500 கெல்வின் எல்.இ.டி டியூப் லைட், நம் ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் எடுத்துத் தரும் நீலவெள்ளை விளக்கு. அதன் அடியில் அழுத்தமான பச்சை, முதல் ரெண்டரில் இருந்தபடியே சில்லிட்டு நின்றது. நான் கணினியில் பிழையாக வைத்த புல்வெளி வானத்தின் நிறமும் இந்த டியூப் லைட்டின் நிறமும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் முதல் படம் முழுப் பொய்யும் இல்லை. அந்த அறையின் இரவை, பகல் என்று பெயரிட்டு அனுப்பியிருக்கிறேன்.

என் முதல் எண்ணம் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கை மாட்டச் சொல்வதாகவே இருந்தது. படங்களில் நாங்கள் எப்போதும் வைப்பது அதைத்தான், அறை அழகாகத் தெரியும். உம்மா அதை ஏற்கவில்லை. மஃரிபுக்குப் பிறகு கட்டிலோரத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதும் வழக்கம் அவர்களுக்கு, மஞ்சள் வெளிச்சத்தில் எழுத்துக் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றார்கள். அந்த அறையில் இரவில் நடக்கும் முக்கியமான காரியமே அதுவாக இருக்கும்போது, என் படத்தின் அழகுக்காக அதைக் குறைக்க முடியாது. மறுநாள் 4000 கெல்வினில் இரண்டு டியூப் லைட் வாங்கிக்கொண்டு போய், ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலும் மற்றொன்றை எதிர்ச் சுவரிலும் தற்காலிகமாக மாட்டினோம். வெண்மை குறையவில்லை, நீலம் மட்டும் விலகியது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ எண் 90 உள்ளதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். எண் 80 உள்ள மலிவான விளக்குகளில் செங்கல் நிறத் தரை கொஞ்சம் செத்துத் தெரியும். உம்மா ஓதும் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் பார்த்தார்கள், பிறகு பலகைகளைப் பார்த்தார்கள், பிறகு இளைய பலகையைக் கைகாட்டினார்கள்.

அன்றிரவே வீட்டுக்காரருக்கு நான்காவது மின்னஞ்சல் எழுதினேன். உம்மா தேர்ந்தது இளைய நிறம் என்பதையும், விளக்கு மாறியிருப்பதையும் அதற்கான கூடுதல் செலவையும் தெரிவித்து, புதிய நிறத்திலும் புதிய விளக்கிலும் இரவுப் பொழுதுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தேன். காலையில் அவர் பதில் வந்திருந்தது.

"படம் வேண்டாம் மேடம். பெயிண்டர் வரும்வரை அந்தப் பலகையை அங்கேயே வையுங்கள். உம்மா தினமும் ஓதும்போது பார்த்துக்கொள்ளட்டும்."